சான்றிதழை யார் படிக்கப்போகிறார்கள்?

நொச்சிக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெற்கே சாந்தோமைக் கடந்து அடையாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் சற்றுத் தொலைவில் ஐஐடி மெட்ராஸ். இரண்டு இடத்திலும் வேலையை விடாமல் மேலாண்மைப் பட்டம் வாங்க வழி உண்டு. முன்னதில் தொலைநிலைக் கல்வி நிறுவனம் 1981 முதல் இயங்குகிறது. பின்னதில் மேலாண்மைத் துறை இரண்டாண்டு எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ நடத்துகிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே வசிக்கிற, இருபது ஆண்டு அனுபவமுள்ள மேலாளர் ஒருவரின் கைப்பேசிக்கு அதிகம் வருவது மூன்றாவது வகைப் படிப்பின் விளம்பரம்தான். பெயர் பெற்ற வணிகப் பள்ளியின் முத்திரை, ஒன்பது மாதம், வார இறுதியில் இணையவழி வகுப்பு, முடிவில் 'எக்ஸிகியூட்டிவ் லீடர்ஷிப்' சான்றிதழ்.

இந்தச் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பலர் குழம்புகிறார்கள். விடை சொல்வதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தாளை நாளை எடுத்துப் படிக்கப்போவது யார்? ஒரு விதியா, ஒரு மனிதரா? இதைத் தீர்த்துக்கொண்டால் மற்றவை தாமாக இடம்பிடித்துவிடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நொச்சிக்குப்பத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. வயது 45. பத்தாம் வகுப்பு முடித்துத் தரமணி மத்திய பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கையாளும் நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்து 22 ஆண்டுகளில் துணைப் பொது மேலாளர் ஆகியிருக்கிறார். அவருக்குக் கீழே நூறு பேருக்கு மேல். அவருக்குச் சமமாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பி.இ., எம்பிஏ. அடுத்த பதவி உயர்வுப் பேச்சு வரும்போதெல்லாம் தன் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லையே என்ற உறுத்தல் அவருக்கு உண்டு. விளம்பரம் வந்த எண்ணைக் கூப்பிட்டுப் பேசியாயிற்று. கட்டணம் நான்கு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தவணையிலும் கட்டலாம் என்கிறார்கள்.

முதலில் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று பார்த்துவிடலாம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆவது பிரிவில், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்று வரையறுக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். சென்னைப் பல்கலைக்கழகம் முதல் வகையில் வரும். ஐஐடி மெட்ராஸ், 1961ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கழகங்கள் சட்டத்தால், கடைசி வகையில் வரும். ஐஐஎம்கள் நெடுங்காலம் இதில் எந்த வகையிலும் வரவில்லை. அவை சங்கங்களாகப் பதிவானவை. அதனால்தான் அகமதாபாத்திலும் பெங்களூரிலும் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் எம்பிஏ வாங்கவில்லை. முதுநிலைப் பட்டயம்தான் வாங்கினார்கள். 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகே அவற்றுக்குப் பட்டம் தரும் அதிகாரம் கிடைத்தது.

இதனால் ஒரே ஐஐஎம்மின் வாசலிலிருந்து இன்று இரண்டு வகைத் தாள்கள் வெளியே வருகின்றன. ஒன்று சட்டம் அறிந்த பட்டம். மற்றொன்று அதே சின்னம், அதே இயக்குநரின் கையெழுத்தோடு வரும், சட்டம் அறியாத சான்றிதழ். இந்த வேற்றுமையைத் தெளிவாக எழுதிவைத்தது, வேடிக்கையாகத் தோன்றினாலும், வரித்துறை. மறைமுக வரிகள் வாரியம் 2019 ஜனவரி 1 அன்று வெளியிட்ட 82ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை ஐஐஎம் படிப்புகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ நடந்து பட்டமோ பட்டயமோ தரும் படிப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் தரும் குறுகிய காலப் படிப்புக்கு விலக்கு இல்லை. 18 சதவீதம் கட்ட வேண்டும். மற்ற கல்வி நிறுவனங்களுக்கும் அளவுகோல் இதேதான். நடைமுறையிலுள்ள ஒரு சட்டம் அங்கீகரித்த தகுதியைப் பெறுவதற்கான பாடத்திட்டமாக இருந்தால் விலக்கு, இல்லையென்றால் வரி.

ஆகவே நம் மேலாளர் கட்டப்போவது நான்கு லட்சம் இல்லை. 72,000 ரூபாய் வரி சேர்ந்து 4,72,000. விளம்பரத்தில் என்ன அலங்காரம் இருந்தாலும், ரசீதில் 18 சதவீத வரி இருந்தால் தான் வாங்குவது பட்டமில்லை என்று அவர் புரிந்துகொள்ளலாம். பேசிப் பேசி வாங்கும் எந்த உறுதிமொழியைவிடவும் இந்த ஒரு வரி நம்பத்தக்கது.

சரி, பட்டமில்லாவிட்டால் என்ன? இங்கேதான் தாளைப் படிப்பவர் யார் என்ற கேள்வி வருகிறது.

விதி படிக்கும் இடங்கள் சில உண்டு. கல்லூரியில் மேலாண்மை கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் பணி, முனைவர் பட்டச் சேர்க்கை, அரசுத் துறைப் பணிகள், வெளிநாட்டு வேலை அனுமதி ஆகியவை அப்படிப்பட்டவை. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள்; தமிழ் மேலாளர்கள் அதிகம் போகும் ஊர். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்களை அங்கே 'காம்பஸ்' என்ற புள்ளிமுறையில் மதிப்பிடுகிறார்கள். கல்வித் தகுதி என்ற தலைப்பில் பட்டத்துக்கு நிகரான தகுதிக்கு 10 புள்ளி, அவர்கள் பட்டியலிட்ட முன்னணி நிறுவனங்களின் பட்டத்துக்கு 20 புள்ளி, பட்டமில்லாவிட்டால் பூஜ்யம். ஒன்பது மாதச் சான்றிதழில் எந்தப் பள்ளியின் பெயர் இருந்தாலும் இந்தப் பூஜ்யத்தை அது அசைக்காது. பி.இ. முடித்தவருக்கு அந்தப் பத்துப் புள்ளி ஏற்கெனவே கையில் இருக்கிறது; அவருக்கும் சான்றிதழால் கூடுதலாக ஒன்றும் வராது. விதி படிக்கும் இடத்தில் பேரம் கிடையாது.

விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை வலியோடு கற்றுக்கொண்டிருக்கிறது. இளநிலைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக முதுநிலைப் பட்டம் வாங்கும் வழி ஒரு காலத்தில் இங்கே பரவலாக இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே எம்.ஏ., எம்பிஏ வாங்கியவர்கள் ஏராளம். தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மேல்முறையீட்டாளராக இருந்த அந்த வழக்கில் 2009இல் தீர்ப்பு வந்தது. முதல் பட்டம் இல்லாமல் பெற்ற முதுநிலைப் பட்டம் மானியக் குழுவின் விதிமுறைகளுக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். அதே ஆண்டு தமிழக அரசும், பள்ளிப்படிப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்த பட்டங்களையே அரசுப் பணிக்கு ஏற்போம் என்று ஆணை பிறப்பித்தது. சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமே வழங்கிய பட்டத்துக்கு இந்தக் கதி. அப்படியிருக்க, சட்டத்தின் கண்ணிலேயே படாத சான்றிதழை எதிர்காலத்தில் ஏதாவது அரசாணை வந்து பட்டமாக்கும் என்று எண்ணிப் பணம் கட்டுவது சரியாகாது.

நம் மேலாளருக்கு இந்த வழக்கு நேரடியாகப் பொருந்தும். பல வணிகப் பள்ளிகளின் தலைமைத்துவப் படிப்புகளில் டிப்ளமோ படித்தவர்களையும், அனுபவம் இருந்தால், சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே அவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் சான்றிதழை ஏணியாக வைத்து அவர் எம்பிஏவுக்கு ஏற முடியாது. அதற்கு இளநிலைப் பட்டம் வேண்டும். ஐஐஎம் பெயர் தாங்கிய தாள் கையில் இருக்க, இளநிலைப் பட்டம் இல்லாத காரணத்தால் எந்த எம்பிஏவிலும் சேர முடியாத நிலையில் அவர் நிற்பார்.

மனிதர் படிக்கும் இடங்கள் வேறு. தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வு, வேறு நிறுவனத்துக்கு மாறுதல், இயக்குநர் குழுவில் இடம் ஆகியவற்றில் தாளை எடுத்துப் பார்ப்பவர் ஒரு முதலாளியோ மனிதவளத் தலைவரோதான். அவருக்குப் பட்டமா இல்லையா என்பது கட்டாயமில்லை. இதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி ஹைதராபாத் ஐஎஸ்பி. 2001இல் தொடங்கிய அந்தப் பள்ளியின் ஓராண்டு முதுநிலைப் படிப்பு பட்டம் தருவதில்லை. ஆனால் அதை முடித்தவர்களை எடுத்துக்கொள்ள நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. காரணம், உள்ளே போவது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலையை விட்டு ஓராண்டு முழுநேரமாகப் படித்தாக வேண்டும் என்பதும் தெரியும். படிக்கும் மனிதர் அந்தத் தாளில் பார்ப்பது சேர்க்கையின் கடுமையையும் கொடுத்த உழைப்பையும்.

ஒன்பது மாத இணையவழிச் சான்றிதழில் அவர் எதைப் பார்ப்பார்? விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்துவிடும் என்பது இப்போது மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆகவே தாளிலுள்ள பள்ளியின் பெயர் மட்டும் அவரிடம் எடுபடாது. 22 ஆண்டு வேலை செய்தவரிடம் அவர் கேட்பது அந்த 22 ஆண்டுகளைப் பற்றித்தான். எம்பிஏ பட்டத்தைப் பற்றியும் இந்த ஐயம் ஆய்வுலகில் எழுந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி ஃபெஃபரும் கிறிஸ்டினா ஃபாங்கும் 2002இல் வெளியிட்ட கட்டுரை, எம்பிஏ பட்டமோ அதில் வாங்கிய மதிப்பெண்ணோ பிற்காலத் தொழில் வெற்றியோடு தொடர்புடையது என்பதற்குக் கிடைத்த சான்று மிகக் குறைவு என்று சொல்லி வணிகப் பள்ளிகளைத் திடுக்கிட வைத்தது. இரண்டு ஆண்டுப் பட்டத்துக்கே இப்படியென்றால், சான்றிதழைப் பதவி உயர்வுக்கான சாவி என்று விற்பவர்களிடம் ஆதாரம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவ்வளவும் தாளைப் பற்றிய பேச்சு. படிப்பைப் பற்றிப் பேசினால் கதை மாறுகிறது. அனுபவமுள்ள மேலாளர்களுக்கான குறுகிய காலப் படிப்பு வெறும் வியாபாரம் என்று நான் சொல்லவில்லை. அதன் வரலாறு மதிக்கத்தக்கது. இந்தியாவில் ஹைதராபாத்தின் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 1956இல் தோன்றியது இதற்காகத்தான். ஐஐஎம் அகமதாபாத்தும் தன் முதல் முதுநிலை மாணவர்கள் வகுப்புக்கு வருமுன்னரே, 1964இல், ஜெய்ப்பூரில் மேலாளர்களுக்கான படிப்பைத் தொடங்கிவிட்டது. அதன் பெயர் மூன்றடுக்குத் திட்டம். கமலா சௌத்ரி முன்னின்று நடத்தியது. ஒரே நிறுவனத்திலிருந்து நடுநிலை மேலாளர் வந்து சில வாரங்கள் தங்கிப் படிப்பார். அவருக்கு மேலே இருப்பவர் அதைவிடக் குறைந்த நாள்களுக்கு வருவார். உச்சியில் இருப்பவர் சில நாள் வந்து உட்காருவார்.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள்? ஒருவருக்குத் தலைமைத்துவம் கற்றுக்கொடுத்துத் தனியே திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் டிராக்டரும் லாரியும் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் ஆலை ஃபோர்மேன்களைச் சிகாகோவில் இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. தொழிலாளியிடம் பரிவோடு நடப்பது, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது என்று மனித உறவுகளைப் பற்றிய பாடம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஃப்ளீஷ்மன் அதைத் தொடர்ந்து அளந்து 1953இல் முடிவை வெளியிட்டார். பயிற்சி முடிந்த கையோடு கேட்டால் ஃபோர்மேன்களின் மனப்போக்கு மாறியிருந்தது. ஆலைக்குத் திரும்பிச் சில காலம் ஆனபின் பார்த்தால் அந்த மாற்றம் நிலைக்கவில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதம் பயிற்சி பெற்றார்களா என்பதோடு ஒத்துப்போகவில்லை. தங்களுக்கு மேலே இருந்தவர் எப்படி நடந்துகொண்டாரோ அதோடு ஒத்துப்போனது.

இந்த ஒரு கண்டுபிடிப்பைத் தலைமைத்துவப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். துறைமுக நிறுவனத்துக்குத் திரும்பிய நம் மேலாளர், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நடந்த தவற்றுக்கு ஆளைத் திட்டாமல் காரணத்தைக் கேட்டு எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மேலே இருக்கும் பொது மேலாளர் மாலையில் அழைத்து, "யார் தப்பு பண்ணாங்கன்னு பேர் சொல்லுங்க சார், மெமோ கொடுக்கணும்" என்றால் அந்தப் பழக்கம் ஒரு மாதம் தாங்காது. வகுப்பில் கற்றது தவறு என்பதால் அது போகவில்லை. மேலே இருப்பவர் அந்த வகுப்பில் உட்காரவில்லை, அதனால் போனது. அகமதாபாத்தின் மூன்றடுக்குத் திட்டம் இந்தக் குறையைத் தொடக்கத்திலேயே அடைக்கப் பார்த்தது. இன்று தனித்தனி ஆளாகக் கைப்பேசி வழியே சேர்க்கப்படும் படிப்புகள் அந்த அறிவைக் கைவிட்டுவிட்டன.

இதனால் தலைமைத்துவப் பயிற்சியே பயனற்றது என்று ஆகிவிடாது. லாசெரென்ஸா முதலானோர் 2017இல் 335 ஆய்வுத் தொகுதிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, முன்பு நினைத்ததைவிடப் பயிற்சி நன்றாகவே பலன் தருகிறது என்று கண்டார்கள். ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒரே அளவில் தரவில்லை. தொடங்குமுன் அந்த ஆளுக்கும் நிறுவனத்துக்கும் என்ன தேவை என்று ஆராய்ந்த பயிற்சி, ஒரே மூச்சில் முடிக்காமல் இடைவெளி விட்டு நடத்திய பயிற்சி, கேட்பதோடு நில்லாமல் செய்துபார்க்க வைத்த பயிற்சி, செய்ததைப் பற்றித் திருப்பிக் கருத்துச் சொன்ன பயிற்சி, நேருக்கு நேர் நடந்த பயிற்சி ஆகியவை மற்றவற்றைவிட மேலாக இருந்தன. கையேட்டை எடுத்து இந்த வெளிச்சத்தில் படித்தால் தாளின் அலங்காரம் போய்ப் படிப்பின் தரம் தெரிய ஆரம்பிக்கும்.

அப்படி ஒரு கையேட்டை மேசையில் விரித்து வைப்போம். முதல் பக்கத்தில் பள்ளியின் கட்டடம், தரவரிசை எண். அவற்றைத் தள்ளிவிடலாம், அந்தத் தரவரிசை அநேகமாக அப்பள்ளியின் முழுநேரப் பட்டப்படிப்புக்கு வாங்கியது. பார்க்க வேண்டியது வகுப்பு நேரம். ஒன்பது மாதத்தில் 36 வார இறுதிகள், வாரம் மூன்று மணி நேரம் என்றால் மொத்தம் 108 மணி நேரம். பட்டத்தோடு ஒப்பிட ஓர் அளவு உண்டு. 2023இல் வந்த தேசியக் கல்விமதிப்புக் கட்டமைப்பு ஓராண்டுப் படிப்பை 40 கிரெடிட், 1,200 கற்றல் மணி நேரம் என்று கணக்கிடுகிறது. இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் 2,400 மணி நேரம். இதில் வீட்டில் படிப்பதும் செய்முறையும் சேர்த்தி என்பதால் 108ஐ அதன் பக்கத்தில் அப்படியே வைப்பது நியாயமாகாது. சான்றிதழ்ப் படிப்புக்காரர் வகுப்புக்கு இரண்டு மடங்கு நேரம் வீட்டில் செலவிட்டாலும் மொத்தம் 324 மணி நேரம். பட்டத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. நிதி, சந்தை, செயல்பாடு, மனிதவளம், உத்தி என்று பட்டப்படிப்பு தொடும் எல்லாவற்றையும் இந்த நேரத்தில் தொட்டுவிட்டுப் போவதாகச் சொல்லும் படிப்பு எதையும் கற்றுத்தராது. ஒரே பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் படிப்புக்கு 108 மணி நேரம் தாராளமாகப் போதும்.

அடுத்து யார் பாடம் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பெயர் போட்ட பேராசிரியர்கள் எத்தனை அமர்வு எடுக்கிறார்கள் என்பது கையேட்டில் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் திரையில் இருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 40 பேர் இருந்தால் விவாதம் நடக்கும். 200 பேர் இருந்தால் சொற்பொழிவு. வளாகத்தில் நேரில் எத்தனை நாள் என்பது இன்னொன்று. இரண்டு நாள் போய்க் குழுப்படம் எடுத்துக்கொண்டு வருவதற்கும், ஐந்து நாள் தங்கித் தன் நிறுவனத்தின் பிரச்சினையை மற்ற மேலாளர்கள் முன் வைத்து அடிவாங்கித் திருத்திக்கொள்வதற்கும் வேறுபாடு பெரிது. அனுபவசாலிகளுக்கான படிப்பில் பாதிக் கல்வி பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும். இது பட்டமோ பட்டயமோ அன்று, நிறைவுச் சான்றிதழ் மட்டுமே என்று. மதிப்பீட்டில் தேறியவர்களுக்கு ஒரு சான்றிதழ், வருகைப்பதிவு மட்டும் உள்ளவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் என்று இரண்டு வகை வைத்திருப்பார்கள். முன்னாள் மாணவர் தகுதி கிடைக்குமா என்பதும் அங்கேதான் இருக்கும். இது பள்ளிக்குப் பள்ளி, ஒரே பள்ளியில் படிப்புக்குப் படிப்பு மாறும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஏஎம்பி, 1945இல் தொடங்கிய மூத்த மேலாளர் படிப்பு, பட்டம் தராவிட்டாலும் முழு முன்னாள் மாணவர் தகுதி தருகிறது. அதன் மதிப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. இங்கே பல படிப்புகள் தருவது, மின்னஞ்சல் பட்டியலில் ஓர் இடம்.

பட்டத்தின் பக்கம் வந்தால் அதற்கும் தன் குறை உண்டு. இருபது ஆண்டு சரக்குப் போக்குவரத்தை நடத்தியவர் எம்பிஏவில் சேர்ந்து 'செயல்பாட்டு மேலாண்மை அறிமுகம்' பாடத்தில் உட்கார வேண்டியிருக்கும். ஐஐடி மெட்ராஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, ஐஐஎம் திருச்சி சென்னையில் நடத்திவந்த வார இறுதிப் படிப்பு போன்றவை வேலையில் இருப்பவர்களையே கருதி வடிவமைத்தவை என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆனால் இரண்டு ஆண்டு வார இறுதிகள் போகும். பிள்ளை பிளஸ் டூ படிக்கும் வயதில் அப்பாவோ அம்மாவோ சனி ஞாயிறுகளைக் கொடுப்பது சின்ன விலை இல்லை. நேரமில்லாதவர்களுக்கு இணையவழிப் பட்டம் ஒரு வழி. 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 2024 சேர்க்கையிலிருந்து இத்தகைய பட்டப்படிப்பில் சேர மாணவர் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் 'DEB ID' என்ற தனி எண் எடுக்க வேண்டும். பட்டம் என்று சொல்லி, இந்த எண்ணைக் கேட்காமலேயே இணையவழியில் சேர்த்துக்கொள்ள முன்வந்தால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

நம் மேலாளரிடம் திரும்புவோம். 4,72,000 ரூபாயை அவர் இந்தச் சான்றிதழில் போடக் கூடாது என்பதே என் முடிவு. அவருக்கு இருப்பது தலைமைத்துவக் குறை இல்லை. நூறு பேரை வைத்து வேலை வாங்கி இந்த இடத்துக்கு வந்தவர். அவருக்கு இல்லாதது விதி கேட்கும் முதல் பட்டம். பாலிடெக்னிக் டிப்ளமோவைச் சேர்க்கைத் தகுதியாக ஏற்கும் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை பிபிஏ சேரலாம். சேருமுன் அந்தத் தகுதியை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். செலவு அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு. மூன்று ஆண்டில் 48 வயதில் பட்டம் வரும். அதன்பின் எம்பிஏ வேண்டுமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்; வேண்டுமென்றால் கதவு திறந்திருக்கும். ஐம்பதுக்குப் பிறகு கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை இருந்தால் அதற்கும் தனி வழி ஒன்று வந்திருக்கிறது. மானியக் குழு 2022இல் அறிவித்த 'ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' பதவிக்கு, 15 ஆண்டுத் தொழில் அனுபவமும் சிறப்பான பணியும் இருந்தால், பட்டம் கட்டாயமில்லை. அந்த இடத்தில் எடை போடுவது அவருடைய 22 ஆண்டுகளைத்தான்.

அவர் இடத்தில் பி.இ. முடித்தவர் ஒருவர் இருந்தால் என் பதில் வேறு. விதி கேட்கும் பட்டம் அவரிடம் இருக்கிறது. பொறியியல் பின்னணியிலிருந்து நிதிக்கோ வணிகத் தலைமைக்கோ துறை மாற நினைத்தால் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பொருந்தும். இருக்கும் துறையிலேயே மேலே போக நினைத்தால் நீண்ட இணையவழிச் சான்றிதழைவிட ஐந்து நாளோ பத்து நாளோ தங்கிப் படிக்கும் ஒரு குறுகிய படிப்பு போதும். அதற்கான கட்டணத்தைத் தன் பையிலிருந்து கட்டக் கூடாது. நிறுவனம் கட்ட வேண்டும். இதைக் கஞ்சத்தனத்துக்காகச் சொல்லவில்லை. நிறுவனம் பணம் போட்டால்தான் மேலே இருப்பவர் அதைப் பற்றிக் கேட்பார். கேட்டால்தான் கற்றது வேலைக்குள் இறங்கும். மனிதவளத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மேலாளரை ஒன்பது மாதப் படிப்புக்கு அனுப்பும் பணத்தில் அவரையும் அவருக்கு மேலே இருப்பவரையும் சேர்த்து ஐந்து நாள் அனுப்புங்கள். 1964இல் அகமதாபாத்காரர்கள் கண்ட வழி அதுதான்.

விளம்பரத்தைப் பார்த்துச் சேரத் தீர்மானித்துவிட்டவர்கள் முன்பணம் கட்டுமுன் பள்ளிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். இடையில் இருக்கும் விற்பனை நிறுவனத்துக்கு எழுத வேண்டாம். இது சட்டம் அங்கீகரித்த பட்டமோ பட்டயமோதானா, மொத்த வகுப்பு மணி நேரத்தில் உங்கள் நிரந்தரப் பேராசிரியர்கள் நடத்துவது எத்தனை, ஒரு பேட்சில் எத்தனை பேர், முன்னாள் மாணவர் தகுதி என்றால் எவையெல்லாம் கிடைக்கும், நடுவில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்று கேளுங்கள். தொலைபேசியில் வரும் பதிலைக் கணக்கில் எடுக்காதீர்கள். எழுத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.